மைக்கில் விலை சொல்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் வளாகத்தில் பலகாரக் கடை. போன முறை முறுக்கு 80 ரூபாய் என்று மைக்கில் சொன்னது பலர் காதில் 50 என்று விழுந்து, பில் போடும் இடத்தில் ஒரே வாக்குவாதம். பேச்சில் அம்பது, எம்பது இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம், ஸ்பீக்கர் இரைச்சலில் அது அடிபட்டுப்போகிறது.

1. முறுக்கு இனி 75. "எழுபத்தஞ்சு" தெளிவாகக் கேட்கும்.

2. பொருள், அளவு, கடைசியில் விலை: "முறுக்கு, கால் கிலோ, எழுபத்தஞ்சு ரூபா." கொஞ்சம் நிறுத்தி, விலையை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.

3. ரவா லட்டு 50தான். "ஒரே ஒரு அம்பது ரூபா நோட்டு" என்று சொல்லுங்கள், 80க்கு ஒரே நோட்டு கிடையாதே.

4. அதிரசம் பாக்கெட் 40, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதை அப்படியே சொன்னால் கேட்பவர் நின்று கணக்குப் போட வேண்டும். "நாலு பாக்கெட், நூத்தி இருபது ரூபா" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் இலவசத்தைச் சொல்லுங்கள்.

சனி மாலை 6 மணிக்கு ஒத்திகை. ஒருவர் மைக்கில் சொல்ல, இன்னொருவர் கேட் பக்கம் நின்று காதில் விழுந்த விலையை எழுதிக் காட்ட வேண்டும். வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.