இல்லாத 218ஆம் பக்கம்

ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆய்வு நெறியாளர். அண்மையில் ஒரு மாணவிக்குத் துணையாக உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன் உட்கார்ந்திருந்தேன். ஆதாரத்தைப் புனைந்துவிட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அடிக்குறிப்பில் ஒரு பழைய ஆய்விதழ்க் கட்டுரையின் 218ஆம் பக்கத்தைக் காட்டியிருந்தார். கட்டுரையோ 181இல் தொடங்கி 203இலேயே முடிந்துவிடுகிறது.

மேற்கோள் வரி பொய்யில்லை; 198ஆம் பக்கத்தில் இருந்தது. பிறகு 218 எங்கிருந்து வந்தது? அவருடைய துணைநூற்பட்டியலில் இருந்த பிற்கால நூல் ஒன்றைப் புரட்டினேன். அதே வரி, அதே அடிக்குறிப்பு, அதே 218. பிழை அந்த நூலில் அச்சானது. மாணவி மூலக் கட்டுரையைத் திறந்தே பார்க்காமல், நூலின் அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார். இதுவும் தவறுதான், நான் மழுப்பவில்லை. ‘இன்ன நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று சேர்த்து, நூலின் பக்க எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டுவது வேறு, இல்லாததை உருவாக்குவது வேறு.

இந்தப் பழக்கம் மாணவர்களோடு நிற்பதில்லை. 2003இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். 196இல் அச்சுப்பிழை. ஆனால் வெவ்வேறு வகைப் பிழைகள் 45 மட்டுமே. தவறான ஒரே பக்க எண் 78 முறை வந்திருந்தது. தனித்தனியே 78 பேருக்குக் கை ஒரே மாதிரி தவறாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால்தான் அப்படி வரும். (அவர்களில் எத்தனை பேர் இன்று உங்கள் இருக்கைகளில் இருக்கிறார்களோ!)

ஆகவே தவறான எண்ணைக் கண்டதும் முதலில் அதன் தடத்தைத் தேடுங்கள். பதிப்பு மாறினாலே பக்கம் மாறும். பதிப்பு ஒன்றுதான் என்றால், அதே பிழை இடையிலுள்ள நூல் எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நூல் பட்டியலில் இருக்கிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா? ஓரிரு அடிக்குறிப்புதான் இப்படியா, இல்லை இருபது முப்பது ஆதாரங்கள் அந்த நூலின் வரிசையிலேயே அணிவகுத்து வருகின்றனவா? அந்த நூலை மறைத்து வரிசையையும் எடுத்துக்கொண்டிருந்தால், இன்னொருவர் தேடிய உழைப்பைத் தன்னுடையதாக்கியிருக்கிறார்; அங்கே நானும் உங்கள் பக்கம்.

பக்க எண்ணே இல்லாதபோது இந்த அளவுக்கு ஆராய வேண்டியதில்லை. நேரடி மேற்கோளுக்கு எண் கட்டாயம்; சொந்த நடையில் சுருக்கியதற்கு ஏபிஏ மேற்கோள் முறையே அதைக் கட்டாயமாக்கவில்லை. திருத்தக் கேட்டால் போதும்.

நான் சொன்ன குழு அந்த நூலைக் கேட்கவே இல்லை. விசாரணைக்கு முந்தைய நாள் நூலகத்தில் அதை நான்தான் தேடி எடுத்தேன். அடுத்த முறை அறிவிப்பு அனுப்பும் முன், மாணவரின் துணைநூற்பட்டியலில் உள்ள நூல்களை மேசைக்கு வரவழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெறியாளர்