தாடிக்கு எப்போது கத்தி வைப்பது

அன்புள்ள தம்பிக்கு,

நாலு வாரம் கழித்து ஞாயிறு காலை கல்யாணம், அன்றைக்கு விடியற்காலையிலேயே ஷேவ் செய்துகொள்கிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம்டா. என் கல்யாணத்தன்று நான் செய்ததும் அதேதான். புது பிளேடு, அவசரம், இன்னும் வழவழப்பாக வரட்டும் என்று கழுத்தில் கீழிருந்து மேலாக எதிர்வாட்டத்தில் இரண்டு முறை இழுத்தேன். குரல்வளை மேட்டில் கீறி, சட்டைக் காலரில் ரத்தப்பொட்டு. மறுநாள் கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. உனக்கும் என்னைப் போலச் சுருள் முடி. ஒட்ட வழித்தால் முளைக்கிற நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும், அந்தப் பரு பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள். தாடியின் நீளத்தை வியாழன் மாலையே குறைத்துவிடு. தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது, ஞாயிறுக்குள் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் ஏறும். கல்யாணத்தன்று 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை 5-க்கு வெட்டு. ஆனால் முதலில் டிரிம்மரில் 7 மில்லிமீட்டர் சீப்பைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்கு, ஒரு கன்னத்தில் கூடுதலாக எடுத்துவிட்டால் மறு கன்னத்தையும் அதற்குச் சமமாக்கிச் சமமாக்கி கடைசியில் தாடியே மிஞ்சாது. முடி காய்ந்திருக்கட்டும். ஈர முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் சுருண்டு ஏறிக்கொள்ளும்.

கன்னத்து ஓரமும் கழுத்தும் சனிக்கிழமை மாலைக்கு. குளித்த கையோடு செய், வெந்நீரில் முடி இளகியிருக்கும். முடி படுத்திருக்கிற வாட்டத்திலேயே ஒரே முறை இழு, கன்னத்துக்கும் கழுத்துக்கும் வாட்டம் வேறு வேறாக இருக்கும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பிளேடு அதற்கு முன் ஒரு தடவை பயன்படுத்தியதாக இருந்தால் நல்லது, சிலருக்குப் புது பிளேடின் முதல் ஷேவ் கடிக்கும். கழுத்துக் கோடு குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். தாடை எலும்பு வரை ஏற்றிவிட்டால் சிரிக்கும்போது கீழே இரட்டை மோவாய் மாதிரி தெரியும். சிவந்தாலும் ராத்திரிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வாசனை லோஷன் எதையும் அன்றைக்குப் புதிதாகப் பூசாதே.

காலையில் சும்மா முகம் கழுவு. தப்பி நிற்கிற ஒன்றிரண்டு முடியைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கினால் போதும், ரேசரைத் தொடாதே.

ஒருவேளை தாடியையே முழுசாக எடுக்கிற யோசனை இருந்தால் இப்போதே எடுத்துவிடு, இன்னும் நாலு வாரம் இருக்கிறது. மூடிக் கிடந்த தோல் வெளுத்திருக்கும், நெற்றி ஒரு நிறம் தாடை ஒரு நிறமாகப் போட்டோவில் நிற்பாய். தாடியோடுதான் என்றால் இந்த வாரமே வியாழன், சனி ஒத்திகை பார்த்து, ஞாயிறு காலை வெளிச்சத்தில் கழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

அப்பா