நீலத் தறப்பாளும் சின்னவளின்ர முகமும்: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பி,

நேற்று ஃபோனில கத்தினதுக்குக் கோவிக்காதை. ஆறுதலாய் எழுதினால் வாசிப்பாய் எண்டுதான் எழுதுறன்.

சின்னவளின்ர சாமத்திய வீட்டுப் படத்தை நீ கெட்ட எண்ணத்தோட போடேல்லை, தெரியும். பின்னால தெரிஞ்ச தறப்பாளை அழிச்சு நல்லூர்க் கோபுரத்தை வைச்சாய், முகத்தை வெள்ளையாக்கினாய், குடும்ப வட்ஸ்அப் குழுவில போட்டாய். ரொறன்ரோ மாமி அதை முகநூலில போட்டு அத்தானையும் ரக் பண்ணிவிட்டா. 'நண்பர்களுக்கு மட்டும்' எண்டுதான் போட்டவ. ஆனால் ஒராளை ரக் பண்ணினால் அவற்ற நண்பர்களுக்கும் அது தெரியும். ரியூட்டரி வாத்தியாரான அத்தானின்ர நண்பர்கள் ஆர்? சின்னவளோட படிக்கிற பிள்ளையளின்ர தாய் தேப்பன். திங்கட்கிழமை வகுப்பில "என்ன கிறீம் பூசினனி?" எண்டு கேட்டிருக்கினம்.

"அக்காட்டக் கேட்டனான்" எண்டாய். என்ன கேட்டனி? "படம் போடட்டோ" எண்டு. அவ கமராக்காரன் எடுத்த படத்தை நினைச்சு ஓமெண்டவ. நீ மாத்தின படத்தை அவ காணேல்லை. சின்னவளிட்ட ஒருத்தரும் கேட்கேல்லை. கேட்டிருந்தாலும் "உங்கட விருப்பம்" எண்டிருப்பாள். எங்கட வீட்டில அந்தச் சொல்லுக்கு ஓம் எண்டு அர்த்தமில்லை, உனக்கும் தெரியும்.

இனி உன்ர வேலைக்கு வாறன். நீலத் தறப்பாளுக்குக் கீழ நிண்டால் எல்லாற்ற முகமும் நீலம் பாயும். அதை எடுக்கிறது பிழையில்லை. பக்கத்தில நிக்கிற அப்பாவின்ர வேட்டியைப் பார்த்து முழுப் படத்தின்ர நிறத்தையும் சரிக்கட்டு. வேட்டி வெள்ளையாத் தெரியேக்க நிப்பாட்டு. அந்தளவோட நீ திருத்தினது வெளிச்சத்தை. அதுக்குப் பிறகு முகத்தை மட்டும் தெரிவுசெய்து வெளுப்பாக்கினால், கன்னத்தை ஒடுக்கினால், நீ மாத்திறது அவளை. அதுக்கு, முதல் படத்தையும் மாத்தின படத்தையும் சேர்த்து அவளுக்கும் அக்காவுக்கும் தனியக் காட்டிக் கேட்க வேணும். ரெண்டு பேரில ஒராள் வேண்டாமெண்டாலும் விடு.

ஆர் பார்க்கப் போயினம் எண்டதையும் அப்பவே சொல்லிக் கேள். "குழுவில மட்டும்" எண்டு நீ எழுதலாம், ஆனால் அதுக்குப் பூட்டில்லை. மாமி முகநூலில போட்டாலும் சின்னவளுக்குப் பரவாயில்லை எண்ட படத்தை மட்டும் குழுவில போடு. பிறகு 'எல்லாருக்கும் அழி' எண்டு அமத்தலாம் எண்டு நினைக்காதை. அது ரெண்டு நாள் சொச்சத்துக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். மாமியின்ர ஃபோனில சேமிச்சது அப்பிடியே இருக்கும்.

மாமியோட நான் கதைச்சிட்டன். எடுத்திட்டா, கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான்.

சனிக்கிழமை வரேக்க லப்டொப்பைக் கொண்டு வா. சின்னவள் பக்கத்தில இருந்து பார்க்கட்டும். கோபுரம் வேண்டாமாம், அந்தத் தறப்பாள் இருக்கட்டுமாம். நீலத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னவள்.

அன்புடன்,
பெரியக்கா