திரைக்குப் பின்னால் இருந்தது பேய் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பாழடைந்த மாளிகை, மயங்கி விழும் நாயகி என்று காத்திக் எனும் பழைய திகில் நாவல்களைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆன் ராட்கிளிஃப் 1794-இல் எழுதிய ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வை அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதில் கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்ததும் நாயகி எமிலி மயங்கி விழுகிறாள். அங்கே இருந்தது வெறும் மெழுகு உருவம் என்பது கடைசியில்தான் நமக்குத் தெரியும். ஆனால் அவள் அறையின் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறதே, அந்தப் பயம் நிஜம். மாளிகைக்காரன் மொன்டோனி, சொத்தை எழுதித் தரச் சொல்லி மனைவியைக் கோபுரத்தில் அடைக்கிறான். அங்கே நோயில் விழுந்து அவள் சாகிறாள். அப்புறம் அதே பத்திரம் அவளுடைய சகோதரன் மகளான எமிலியிடம் வருகிறது. மயங்கி விழுந்த அதே பெண், சட்டம் தனக்கும் தெரியும் என்று அவன் முகத்துக்கு நேரே மறுக்கிறாள். பிறகு விடுதலைக்காகக் கையெழுத்திடுகிறாள், அவனோ விடவில்லை.

கதை தொடங்குவது 1584-இல், பிரான்சில்; அந்த மாளிகை இருப்பது இத்தாலியில். நாவலைப் படித்த அன்றைய ஆங்கிலேயப் பெண்களுக்கோ அது சொந்த வீட்டுக் கதை. திருமணமானதும் பெண்ணின் பணமும் நகையும் கணவனுக்கே போன காலம் அது. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் முழுதாக மாற 1882 ஆனது.

— ஒரு வாசகி, திருச்சி