முதல் சந்திப்பிலேயே முடிவு கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணங்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரை, மணமக்களாகப் போகிறவர்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ளும் நாளை ஒரே பத்தியில் கடந்துவிட்டது. உறவினர்களுக்காக இடையில் நின்று வரன் பேசிவரும் எனக்கு, அந்த ஒரு மணி நேரத்தின் மீது நாம் ஏற்றிவைக்கும் எதிர்பார்ப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்திப்புக்கு நாள் குறிப்பதற்குள் படிப்பு, வருமானம், குடும்பப் பின்னணி எல்லாம் விசாரிக்கப்பட்டுவிடுகின்றன. எனவே பெரியவர்களின் கணக்கில் முக்கால்வாசிக் கல்யாணம் முடிந்துவிட்டது; இருவரும் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த இருவருக்கோ அன்றுதான் தொடக்கம். ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கெல் என்ற உளவியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்பின் அறியாதவர்கள் சில நிமிடங்கள் பேசிப் பார்க்கும் நிகழ்வுகளுக்கு முன்பே, அவர்களுடைய குணங்களையும் விருப்பங்களையும் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களைத் திரட்டிக் கணினியைக் கொண்டு அலசினார்கள். பொதுவாகப் பலருக்கும் யாரைப் பிடிக்கும் என்பதை ஓரளவு கணிக்க முடிந்ததே தவிர, இன்னாருக்கு இன்னாரைத் தனிப்படப் பிடிக்குமா என்பதைக் கணிக்க முடியவில்லை. அது திருமணத்துக்கான சந்திப்பு அல்ல என்பது உண்மைதான். என்றாலும், எல்லாப் பொருத்தமும் இருக்கும்போது பிடிக்காமல் எப்படிப் போகும் என்று கேட்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இருவரையும் தனியே பேசவிடும் பத்து நிமிடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, திருமணத்துக்குப் பிறகு தான் வேலைக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் பையன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். கருத்தைக் கேட்டால் தயாராக வைத்திருக்கும் பதிலே கிடைக்கும் என்பதால், மறுமுறை சந்திக்கும்போது, அவர் வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றைக் கேட்கும்படி அவளிடம் சொன்னேன். உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த பெரிய முடிவு எது, அதை யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். தம் தாயாருக்குப் பதவி உயர்வுடன் வெளியூர் மாற்றல் வந்ததையும், வேண்டாம் என்று தந்தை தீர்மானித்ததையும், தாயாரின் விருப்பத்தை அன்று யாரும் கேட்கவில்லை, தாமும் கேட்கவில்லை என்பதையும் அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்கு அது உறுத்தியது என்று அவள் என்னிடம் சொன்னாள். அந்த உறுத்தலுக்காகவே மூன்றாம் முறையும் சந்திக்க ஒப்புக்கொண்டாள். கடைசியில், எங்கே குடியிருப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துவராமல் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இருவரும் வருத்தமின்றி விலகியதால், அதை நான் தோல்வியாக எண்ணவில்லை.

முதல் சந்திப்பு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தரும்: இவருடன் இன்னொரு முறை பேச மனம் இருக்கிறதா? கூச்சமுள்ளவர் அன்று வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். பேசிப் பழகியவர் எல்லாரையும் கவர்ந்திருக்கலாம். இந்த இரண்டில் எதுவும் குணத்துக்குச் சான்றாகாது. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் அருகிலிருக்கும் பெற்றோரே பதில் சொன்னாலோ, ஒருவர் மற்றவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலோ, அதைக் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது.

மிகுந்த கேடு விளைவது விடைபெறும் நேரத்தில்தான். எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று வாசலில் வைத்துக் கேட்டுவிட்டால், இரு வீட்டாரும் சூழ்ந்து நிற்க மறுப்புச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், தன் 16ஆம் பிரிவில், மணந்துகொள்ளும் இருவரின் சுதந்திரமான, முழுமையான சம்மதத்துடனேயே திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. வாசலில் வாங்கும் தலையசைப்பை அந்தச் சம்மதத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான் இடையில் நிற்கும் சம்பந்தங்களில், சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே இரு வீட்டாரிடமும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அன்று யாரும் யாரிடமும் முடிவு கேட்கக் கூடாது. மூன்று நாள் கழித்து, பெண்ணும் பையனும் தனித்தனியே என்னிடம் பதில் சொல்வார்கள். மறுத்தால் காரணம் கேட்கமாட்டேன்; தாமாகச் சொன்னாலும் எதிர்த்தரப்புக்குக் கொண்டுபோகமாட்டேன். நிறத்தையோ உயரத்தையோ பேச்சையோ குறித்த காரணம் ஒருமுறை வெளியே போனால், அடுத்த வரன் வரும்போது அந்த வீட்டில் அதுவே முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த நிபந்தனைகளைக் கேட்டதுமே பின்வாங்கிய வீட்டாரும் உண்டு. அவர்களுக்காக நான் மேற்கொண்டு வரன் பேசுவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி