பழைய நகைக்கு ஒரு முறை கழித்தால் போதும்: நகை வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நகை வணிகர் சங்கங்களின் தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கூட்டுறவு வங்கி ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக நெடுங்காலம் உரைகல்லோடும் தராசோடும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் ஆபரணத் தங்கத்தின் விலையை நீங்கள் அறிவிக்கிறீர்கள். கடைகள் பெரும்பாலும் அதையே எழுதி வைக்கின்றன. ஆனால் பழைய நகையை விற்க வருபவருக்கு எந்த முறையில் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு, அவர் அறிந்து கேட்கக்கூடிய பொது நடைமுறை எதுவும் இல்லை. இதனால் ஒரே சங்கிலிக்கு ஒரே தெருவில் இரண்டு கடைகளில் இரண்டு விதமான தொகை சொல்லப்படுகிறது.

கழிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்லின் எடையும், ஜிமிக்கிக்குள் இருக்கும் அரக்கும், கோத்த நூலும், இடுக்கில் சேர்ந்த அழுக்கும் தங்கம் அல்ல. அவற்றைக் கழிப்பது நியாயம். பற்றவைப்பில் சேர்ந்த கலப்பும் அப்படித்தான். முன்பெல்லாம் கண்ணிகளை இணைக்கச் செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். எனவே கம்பி 22 காரட்டாகவே இருந்திருந்தாலும், இணைப்புகள் நிறைந்த பழைய சங்கிலியை உருக்கினால் நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் டச், 91.6-க்குக் கீழே இறங்கிவிடும். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்பதையும் மக்கள் இன்று அறிந்தே வருகிறார்கள். என் முறையீடு இவற்றைப் பற்றியது அல்ல. ஒரே குறைக்கு இரண்டு முறை கழிப்பதைப் பற்றியது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு அம்மா, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் திருமணத்தின்போது போட்ட மூன்று பவுன் சங்கிலியை விற்றுவிட்டு, கடைக்காரர் எழுதித் தந்த துண்டுச்சீட்டோடு என்னிடம் வந்தார். எடை 24 கிராம். உருக்கிய பின் கட்டி 23.700 கிராம், கட்டியின் டச் 87. கணக்கு எளிதாக விளங்க, அன்றைய 22 காரட் விலையை கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 23.700 கிராமில் 87 விழுக்காடு என்றால் சுத்தத் தங்கம் 20.619 கிராம். அதை 91.6 டச் தங்கமாக மாற்றினால் 22.510 கிராம் வரும்; தொகை சுமார் 2,25,100 ரூபாய். அந்தச் சீட்டிலோ, உருக்கிய எடையிலிருந்து ‘பற்றுக் கழிவு’ என்று முதலில் நான்கு விழுக்காடு குறைத்து, மிஞ்சிய 22.752 கிராமுக்கு 87 டச் கணக்கைப் போட்டு, பிறகு விலையிலும் கிராமுக்கு 200 ரூபாய் குறைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின்படி வந்த தொகை ஏறத்தாழ 2,11,770 ரூபாய். வித்தியாசம் 13,300 ரூபாய்க்கு மேல்.

அந்த நான்கு விழுக்காட்டுக்கு என்ன நியாயம் இருக்க முடியும்? பற்றவைப்பில் இருந்த செம்பும் வெள்ளியும் உருக்கிய கட்டிக்குள் கலந்துவிட்டன. அவை கலந்ததால்தான் டச் 87 என்று காட்டியது. அழுக்கும் நெருப்பில் போய், எடை முந்நூறு மில்லிகிராம் குறைந்துவிட்டது. எடையிலும் தரத்திலும் முழுமையாகக் கணக்கில் வந்துவிட்ட குறையை மூன்றாவதாக ஒரு பெயர் சொல்லி மறுபடியும் கழிக்க இடமே இல்லை. உருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் நகைக்கு மதிப்பீடாக ஒரு கழிவு வைத்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். கட்டியைச் சுத்திகரிக்கச் செலவு உண்டு என்பதும் உண்மைதான். அந்தச் செலவைச் சுத்திகரிப்புக் கட்டணம் என்றே ஒரு வரியில் எழுதி வாங்குங்கள், எடைக்குள் மறைக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய இழப்பைத் தரும் இன்னொரு கணக்கும் சில கடைகளில் நடக்கிறது. 87 டச் என்றவுடன், 22 காரட் விலையில் 87 விழுக்காட்டை எடுத்துப் பெருக்கிவிடுகிறார்கள். அறிவிக்கப்படும் 22 காரட் விலையே 91.6 டச் தங்கத்தின் விலை. ஆகவே 87-ஐ 91.6-ஆல் வகுக்க வேண்டுமே தவிர, நூறால் வகுக்கக் கூடாது. நூறால் வகுக்க வேண்டுமென்றால் 24 காரட் விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன அதே கட்டிக்கு இந்தத் தவறான வகுத்தலால் வருவது 2,06,190 ரூபாய்தான். வேறு எந்தக் கழிவும் இல்லாமலேயே கிட்டத்தட்ட 18,900 ரூபாய் போய்விடுகிறது. எடையையும் டச்சையும் சரியாகக் காட்டிவிட்டு இப்படிச் செய்யும்போது, எதிரே நிற்பவருக்குச் சந்தேகம் வரவே வழியில்லை.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. கொக்கியின் மேலோ பற்றவைத்த இணைப்பின் மேலோ வைத்தால் டச் குறைவாகவும், மெருகேற்றிய பகுதியில் வைத்தால் கூடுதலாகவும் காட்டும். ஆகவே ஒரே இடத்தில் எடுத்த அளவை முழு நகையின் தரம் என்று முடிவு கட்டக் கூடாது. பல இடங்களில் எடுத்துப் பார்ப்பதும், உருக்கினால் கட்டியின் மேல் தோலைச் சுரண்டிவிட்டு எடுப்பதும் சரியான முறை. கருவியின் திரை விற்பவருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். சோதனைக்காக வெட்டிய துணுக்கையும் எடையில் சேர்க்க வேண்டும்.

உருக்குவதற்கு முன்பே கணக்கைச் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம். சங்கிலி சங்கிலியாக இருக்கும்வரை, விலை பிடிக்காவிட்டால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். மூசையில் வெண்காரத்தோடு உருகிக் கட்டியான பிறகு, அது யாருடைய நகை, எப்போது வாங்கியது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. அடுத்த கடைக்காரர் அதைத் தொடவே தயங்குவார். சொன்ன தொகைக்குச் சம்மதிப்பதைத் தவிர விற்பவருக்கு அப்போது வேறு வழி இருக்காது. கழிவு என்ன, எந்த விலை, டச்சை எதனால் வகுப்போம் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகு, அவர் கண்ணெதிரே உருக்குங்கள்.

ஹால்மார்க் முத்திரையுள்ள நகைக்கும் இதே கழிவைப் போடுவது இன்னும் வருத்தம் தருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியீட்டோடு நீங்களே விற்கும் நகை, அதைத் திரும்ப வாங்கும் நாளில் மட்டும் எப்படி 916 இல்லாமல் போகும்? உண்மையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தரத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கு தொகையையும் சோதனைக் கட்டணத்தையும் விற்ற கடை தர வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. முத்திரையில்லாத பழைய நகையையும் அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் பொதுமக்கள் பரிசோதிக்கலாம். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணம் நான்கு நகைகள் வரை 200 ரூபாய். ஆனால் அந்த மையத்தின் அறிக்கையைக் கொண்டுவந்தாலும், “எங்கள் மெஷினில் வருவதுதான் கணக்கு” என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன.

ஆகவே உங்கள் உறுப்பினர் கடைகள் அனைத்தும் பழைய நகைக்கு ஒரே மாதிரியான சீட்டைத் தர வேண்டும் என்று சங்கங்கள் தீர்மானிக்க வேண்டுகிறேன். நகையின் எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது, உருக்கிய எடை, டச், அன்றைய 22 காரட் விலை, சுத்திகரிப்புக் கட்டணம் ஆகியவை அதில் தனித்தனி வரிகளாக இருக்கட்டும்; இவை தவிர வேறு கழிவு எதையும் எழுத இடம் இருக்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மையத்தின் அறிக்கையை ஏற்க மறுக்கும் கடை, அதற்கான காரணத்தையும் அதே சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர்