அப்பாவுக்கு, என் மொட்டைத் தலை பற்றி

அப்பா,

தங்கச்சி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். தோட்டத்து ஆட்களும் வாசிப்பார்கள், அதனால் அன்று இஸ்தோப்பில் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. "நான் உசுரோட இருக்கேன்ல, எதுக்குடா மொட்டை?" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில். உங்கள் மனம் நொந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மழித்ததற்கு மன்னிப்புக் கேட்க என்னால் முடியாது.

கேட்பவர்களிடம் கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று சொல்லச் சொன்னீர்கள். அந்தப் பொய் ஒரு கிழமைகூட நிற்காது அப்பா. நேர்த்திக்கு மழித்த தலை எல்லா இடமும் ஒரேபோல கறுத்து வரும். எனக்கு இரண்டு நாளில் காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும்தான் கறுக்கிறது. முடி கொட்டிப்போன நெற்றியும் உச்சியும் வெளுத்தே கிடக்கின்றன. பார்த்தவுடன் தெரியும். அந்த நிழல் தெரியாமல் இருக்கத்தான் இரண்டு நாளைக்கொருமுறை பிளேடு எடுக்கிறேன். சுடுதண்ணியில் நனைத்த துவாயைத் தலையில் போட்டு, முடி படிந்த பக்கமாகவே இழுக்கிறேன். எதிர்ப்பக்கம் இழுத்தால் பிடரியில் முடி தோலுக்குள் வளைந்து பரு கட்டுகிறது. உச்சிச் சுழியில் முடி நாலா பக்கமும் திரும்புவதால் அங்கே விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துத்தான்.

அடுப்படியில் என்னை உட்காரவைத்துச் சின்ன வெங்காயச் சாறு தேய்த்த இரவு நினைவிருக்கிறதா? கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள், ஆனால் அவ்வளவு மெதுவாகத் தேய்த்தீர்கள். சாறு கண்ணுக்குள் இறங்கியது. அழுதது அதனால் மட்டும் இல்லை. "கவ்வாத்து வெட்டுனா தேயிலை தளிர்க்கிற மாதிரி, முடியும் வரும்டா" என்றீர்கள். வேர் கெட்ட செடியைக் கவ்வாத்து வெட்டினால் தளிர்க்காது என்று எனக்குச் சொல்லித்தந்ததும் நீங்கள்தானே. கண்டியில் தோல் டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்ற ஒன்று நெற்றி, உச்சி வேர்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மெலிந்த முடி வருகிறது. பிடரி வேரை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. எண்ணெயும் வெங்காயமும் போதாமல் கொட்டவில்லை, நீங்கள் குறை வைக்கவில்லை. டாக்டர் மினாக்சிடில் 5% என்ற தலையில் பூசும் மருந்து தந்தார். தொடக்கத்தில் இன்னும் கொட்டும், பல மாதம் பொறுக்க வேண்டும், நிறுத்தினால் வந்ததும் போகும் என்றார். காலம் முழுக்க அந்தப் போத்தலுக்குக் காவல் இருக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு அன்பாகத் தேய்த்த நீங்கள், அக்கா கல்யாணத்தில் படம் எடுக்கும்போது எல்லார் முன்னாலும் என்னைத் தொப்பி போடச் சொன்னது ஏன்? மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன? அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

இப்போதும் தொப்பி போடுகிறேன். நுவரெலியாப் பனியில் மழித்த தலை விறைக்கிறது, அதனால். கடைக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன்.

தீபாவளிக்கு வருகிறேன். யாராவது கேட்டால், முடி கொட்டியது, மழித்துவிட்டான் என்று சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் என்னிடமே கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்